தேதி வரட்டும் என்று வாழ்த்தை நிறுத்தி வைக்காதீர்கள்

"சித்தி மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத் தேதியை இரண்டு வீட்டாரும் இன்னும் சொல்லவில்லை. இப்போதே வாழ்த்தலாமா, தேதி வரும்வரை பொறுக்க வேண்டுமா?"

நடுவர் அவர்களே, இப்போதே வாழ்த்த வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நாலு கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். "பெரியவர்கள் வாய் திறக்கும் முன் நாம் முந்திக்கொண்டால், தாய்மாமனுக்கே சொல்லாதது உனக்கு எப்படித் தெரியும் என்று மனத்தாங்கல் வரும்" என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மனத்தாங்கல் கட்டாயம் வரும். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் யாருக்கு என்ன வருத்தம்?

அடுத்துப் பேசிய அம்மா, மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனதுமே ஊரே வாழ்த்தியதையும், பிறகு அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதையும் சொன்னார். கேட்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அம்மா, அங்கே பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை. அந்தக் கட்டத்தில் வாழ்த்தக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். நாம் பேசுவது தாம்பூலம் மாற்றி முடித்த பெண்ணைப் பற்றி.

சரி, தேதி ஏன் இழுக்கிறது? ஆனிக் கடைசியில் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆடி, கல்யாணப் பேச்சே இல்லை. ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து, இருவரில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம் வரும் நாளைத் தள்ளினால், மிஞ்சிய நாளில் மண்டபம் கிடைக்காது. புரட்டாசி பல வீடுகளில் ஆகாது. கடைசியில் ஐப்பசிக்குப் போய் நிற்கும். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் அவர் லீவும் ஒத்துவர வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டும்வரை விவரம் தெரிந்த எந்த அப்பாவும் தேதியை வெளியே விட மாட்டார். நிச்சயத்திலேயே லக்னப் பத்திரிகை வாசித்து நாளைச் சொல்லிவிடும் வீடுகளும் உண்டு. அங்கே இந்தச் சிக்கலே கிடையாது.

இத்தனை நாளும் வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளிடம் "எப்போ கல்யாணம்?" என்றுதான் கேட்கிறார்கள். அவளுக்கே தெரியாது. கூட வளர்ந்த அக்காவும் வாய் திறக்கவில்லை என்றால், "அக்காவுக்கு இந்த இடம் பிடிக்கவில்லையோ" என்றுதான் அவள் மனம் போகும். பிறகு பத்திரிகை வைக்க வரும்போது நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டாலும் அந்த வருத்தம் முழுசாகப் போகாது.

அதனால் முதலில் சித்தியிடம், "அவகிட்ட பேசலாமா சித்தி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "ரொம்ப சந்தோஷம்டி. மாப்பிள்ளை நல்லா பேசுறாரா? நிச்சயப் புடவை என்ன கலர்?" என்று பேசுங்கள். தேதியைக் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்கலாமா என்பதில் எங்கள் அணிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அவள் வைத்த பிறகு வைக்கலாம் என்கிறார் ஒருவர். தேதி வரும்வரை அதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அவர் பக்கத்தை அவரே வந்து பேசுவார்.