கல்யாண நகை பட்ஜெட்: 12 லட்சத்தைத் தங்கம், வைரம், கவரிங்காக எப்படிப் பிரிப்பது?

(திரையில்: ஒரு பழைய டைரி, அதில் “20 பவுன்” என்று எழுதி வட்டமிட்டிருக்கிறது)

கல்யாணம் பேசி முடித்ததும் பெண் வீட்டில் முதலில் எழுதுவது இதைத்தான். 20 பவுன், 30 பவுன் என்று ஒரு எண். நான் சொல்வது, அந்த எண்ணை அடித்துவிட்டு ரூபாயில் எழுதுங்கள். கடையில் பவுனுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, சேதாரத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் சேர்த்துத்தான் பில் வரும். பவுனில் யோசித்துக்கொண்டு போனால் பில் போடும் இடத்தில்தான் உண்மை தெரியும்.

ஒரு வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நகைக்கென்று கையில் 12 லட்சம். தாலியும் கொடியும் மாப்பிள்ளை வீட்டார் போடுகிறார்கள், அதனால் அது இதில் வராது. (உங்கள் பக்கம் வழக்கம் வேறு என்றால் அதை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் மனக்கசப்புதான்.) 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்குக்கு வசதியான எண், அவ்வளவுதான். நீங்கள் அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டைரியில் இருந்த 20 பவுன் என்றால் 160 கிராம். தங்கத்துக்கு மட்டுமே 16 லட்சம். சரி, நடக்காது. அப்போது என்ன செய்வது, எல்லா நகையையும் கொஞ்சம் கொஞ்சம் மெலிசாக்கி வாங்குவதா? பலர் அதைத்தான் செய்கிறார்கள், அதுதான் தப்பு. மெலிசான ஆரம் மேடையிலும் எடுப்பாக இருக்காது, நாலு தடவை போட்டால் கம்பி வளைந்துவிடும்.

ஒவ்வொரு நகைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: கல்யாணத்துக்கு அப்புறம் இதைப் போடுவாளா? ஒட்டியாணம், வங்கி, நெத்திச்சுட்டி, ஜடை அலங்காரம், இதெல்லாம் முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும்தான். அப்புறம் லாக்கர். இவற்றைக் கவரிங்கில் எடுங்கள், அல்லது வாடகைக்கு. வளையல், ஜிமிக்கி, ஒரு ஆரம், இவை வருஷத்துக்குப் பத்து விசேஷத்துக்காவது வெளியே வரும். இவை தங்கம்.

(திரையில்: பில் மாதிரி ஒரு தாள், வரி வரியாக நிரம்புகிறது)

இப்போது தங்கத்துக்கு: ஆரம் 5 பவுன், வளையல் ஒரு ஜோடி 4 பவுன், ஜிமிக்கி 1 பவுன். மொத்தம் 10 பவுன், 80 கிராம், 8 லட்சம். சேதாரம் எல்லாவற்றுக்கும் ஒன்றில்லை. மெஷினில் செய்த வளையலுக்கு 8 சதவீதம் சொல்வார்கள், கைவேலை ஆரத்துக்கு 14, குட்டிக் குட்டி வேலை உள்ள ஜிமிக்கிக்கு 16 என்று வைப்போம். மூன்றுக்கும் சேர்த்து 94,400 ரூபாய். இதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 26,832. பில் 9,21,232. பார்த்தீர்களா, 10 பவுனுக்கு மேல் ஒன்றரைப் பவுன் காசு கையில் வராத விஷயத்துக்குப் போகிறது. ஹால்மார்க் கட்டணம் தனி, அது சின்னத் தொகை.

சேதாரம் பேசிக் குறைக்கக்கூடியது, வெட்கப்படாமல் கேளுங்கள். “சேதாரம் எத்தனை சதவீதம், அதற்கு மேல் செய்கூலி தனியாக உண்டா?” இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். “சேதாரம் கம்மி” என்று போர்டு வைத்துவிட்டு செய்கூலியில் ஏற்றும் வழக்கமும் உண்டு.

இன்னொன்று, கல் எடை. இதில் நானே மாட்டியிருக்கிறேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு கெம்புக்கல் ஜிமிக்கி வாங்கினோம், 9.6 கிராம். பில்லில் முழு எடைக்கும் தங்க விலை. அன்றைக்கு அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாற்றப் போனபோது கல்லையும் உள்ளே இருந்த அரக்கையும் கழித்து 8.2 கிராம்தான் என்றார்கள். 1.4 கிராம் கல்லுக்கும் அரக்குக்கும் நாங்கள் தங்க விலை கொடுத்திருக்கிறோம், அதற்குச் சேதாரம் வேறு! அதனால் கல் வைத்த எந்த நகையானாலும் பில்லில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும், தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்குத்தான்.

நகையில் பிஐஎஸ் முத்திரையோடு 22K916 என்றும் ஆறு எழுத்து-எண் கொண்ட HUID என்றும் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்க இந்த எண் கட்டாயம். BIS Care ஆப்பில் Verify HUID பகுதியில் அதைத் தட்டினால் நகை வகை, தூய்மை எல்லாம் வரும். கையில் ஜிமிக்கி இருக்க ஆப்பில் மோதிரம் என்று வந்தால் வாங்காதீர்கள்.

(திரையில்: ஒற்றைக்கல் தோடும் பல கல் தோடும் பக்கத்தில் பக்கத்தில்)

வைரத்துக்கு இந்த பட்ஜெட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வைக்க மாட்டேன். அதுவும் தோடு மட்டும். தினமும் காதில் இருக்கும், அதனால் காசு வீணில்லை. வைர நெக்லஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் விற்கும்போதுதான் தெரியும்: தங்கத்தைப் பெரும்பாலான கடைகள் அன்றைய ரேட்டை ஒட்டி எடுக்கும், வைரத்தை வாங்கின கடைதான் மதிக்கும், அதுவும் அவர்கள் எழுதிக்கொடுத்த விதிப்படி. அந்த விதியைப் பில்லிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் காரட் என்ற சொல் குழப்பும். 18 காரட் என்பது தங்கத்தின் தூய்மை, வைரத்தின் காரட் என்பது எடை, ஒரு காரட் 0.2 கிராம். ஏழு சின்னக் கல்லைச் சேர்த்துப் பூப்போல வைத்த தோடும் ஒற்றைக்கல் தோடும் மொத்தம் ஒரே காரட் என்றாலும் விலை ஒன்றில்லை, ஒற்றைக்கல் நிறையவே கூடுதல். தூரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நானாக இருந்தால் பூத்தோடுதான். லேபில் உருவாக்கும் லேப் வைரம் என்றால் விலை மிகக் குறைவு, போட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கும், ஆனால் திரும்ப விற்க நினைக்காதீர்கள். இயற்கை வைரமா, லேப் வைரமா என்று சான்றிதழில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கவரிங்குக்கும் வாடகைக்கும் சேர்த்து 40,000. முதலில் தங்க ஆரத்தை வாங்குங்கள், அப்புறம் அதைக் கையோடு எடுத்துப்போய்க் கவரிங் தேடுங்கள். நிறம்தான் காட்டிக்கொடுக்கும். பளபள மஞ்சள் ஆரத்துக்குக் கீழே மங்கலான ஆன்டிக் ஒட்டியாணம் கட்டினால் போட்டோவில் சட்டென்று தெரியும். கெம்பிலும் அப்படித்தான், ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்று ரோஸ் சாயல். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து தங்க ரேக்கு ஒட்டும் கோயில் நகை உண்டு, அழகு அள்ளும், ஆனால் அது கவரிங் விலை இல்லை.

வங்கியைத் தைத்த ரவிக்கையோடு போட்டுப் பாருங்கள், வெறும் கையில் சரியாக இருப்பது பட்டுக் கைக்கு மேல் ஏறாது. காதில் மட்டும் கவரிங் வேண்டாம், காலையிலிருந்து இரவு வரை போட்டால் சிலருக்கு அரித்துப் புண்ணாகிவிடும். வாடகை நகை என்றால் வாங்கும்போதே பெட்டியோடு போட்டோ எடுங்கள், ஏற்கெனவே விழுந்த கல் தெரிகிற மாதிரி, இல்லாவிட்டால் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

தங்கம் 9,21,232, வைரம் ஒரு லட்சம், கவரிங் 40,000. மீதி 1,38,768. இதைக் கண்டு “இன்னும் ஒரு பவுன் சேர்க்கலாமே” என்று யாராவது சொல்வார்கள், அத்தைதான் பெரும்பாலும். இடம் கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கப் போவதற்குள் கிராமுக்கு 1,000 ரூபாய் ஏறினால் இதே நகைகளின் பில் 92,123 ரூபாய் கூடும், 1,500 ஏறினால் 1,38,185. அந்த மீதி அதற்குத்தான். விலை ஏறாமல் இருந்தால் வாங்கி முடித்த பிறகு அத்தை பேச்சைக் கேட்கலாம், வளையலில் ஒரு பவுனைக் கூட்டிக்கொள்ளலாம்.