18,000 ரூபாய் கட்டிய ஜிம், பாதி ஆண்டில் "பாக்கி ஒன்றுமில்லை" என்பது எப்படி?

[திரையில்: 18,000 − 18,000 = 0]

ஓராண்டுக்கான 18,000 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஆறாம் மாத முடிவில் வேலை மாற்றலாகிப் போகும் ஒருவரிடம், "கணக்குப் பார்த்துவிட்டோம், உங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை" என்று ஜிம் சொல்ல முடியுமா? முடியும், அதுவும் நியாயமாகத் தோன்றும் ஒரு கணக்கைக் காட்டியே சொல்ல முடியும். அந்தக் கணக்குக்கு முதலிலேயே அணை போடும் ரத்துக் கடிதத்தை இப்போது எழுதப் போகிறோம்.

உதாரணமாக, ஜனவரி 1 அன்று சென்னையில் சேர்ந்த உறுப்பினர் புனேவுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஒப்பந்தத்தில் நமக்கு வேண்டியவை இரண்டே பிரிவுகள். கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்கிறது 4ஆம் பிரிவு. புதிய வீட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் ஜிம்மின் கிளை இல்லையென்றால், சான்றுடன் 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம், மீதித் தொகையில் 10 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படும் என்கிறது 7ஆம் பிரிவு.

வரவேற்பு மேசையில் இருப்பவர் 4ஆம் பிரிவை மட்டுமே விரலால் தொட்டுக் காட்டுவார். 7ஆம் பிரிவு அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் எழுத்தும் கொஞ்சம் பொடியாகத்தான் இருக்கும்! பொது விதியும் அதற்கு விலக்கான தனி விதியும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால், தனி விதியே அந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதால், கடிதத்தின் முதல் வரியிலேயே 7ஆம் பிரிவின் எண் வந்துவிட வேண்டும்.

இப்போது அந்தச் சுழியத்துக்கு வருவோம். ஜூன் 1 அன்று கடிதம் கொடுத்தால் முன்னறிவிப்புக் காலம் ஜூன் 30 அன்று முடிகிறது; பயன்படுத்தியது ஆறு மாதம், மிச்சம் ஆறு மாதம். மாத விகிதப்படி மீதி 9,000; அதில் 10 விழுக்காடு போனால் 8,100 ரூபாய் கைக்கு வர வேண்டும். ஜிம்மோ, "ஆண்டுச் சலுகை ஓராண்டு முழுவதும் இருப்பவருக்குத்தான், ஆறு மாதத்துக்கு மாதக் கட்டணமான 3,000 ரூபாயைப் போடுகிறோம்" என்று சொல்லி, 18,000 ரூபாயையும் கழித்துவிடுகிறது. மூட்டை விலைக்கு வாங்கிய அரிசியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால், மிச்சப் பாதிக்குக் கடைக்காரர் கிலோ விலை போடுவதைப் போன்றது இது. இந்த வாதத்தை முழு மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அப்படிக் கழிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல், "மீதித் தொகை" என்று மட்டும் மொட்டையாக விட்டிருந்தால், இரு பொருள் தரும் வாசகத்தை அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே படிப்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறி. ஆகவே தொகையை ஜிம் கணக்கிடட்டும் என்று காத்திருக்காமல், நாமே கணக்கிட்டுக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

[திரையில்: கடிதம்]

"ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவின்படி, பணியிட மாற்றம் காரணமாக என் உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். புனேயில் என் புதிய முகவரியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் தங்கள் கிளை இல்லை. பணிமாற்ற ஆணையும் வாடகை ஒப்பந்தமும் இணைக்கப்பட்டுள்ளன. இன்று, ஜூன் 1 அன்று தரும் இந்த அறிவிப்பின் 30 நாள் ஜூன் 30 அன்று முடிகிறது. மீதமுள்ள ஆறு மாதத்துக்கான 9,000 ரூபாயில் 10 விழுக்காடு போக, 8,100 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். வேறு கணக்கீட்டு முறை பொருந்தும் எனக் கருதினால், அதைக் கூறும் பிரிவின் எண்ணை எழுத்தில் தெரிவிக்கவும்."

என்னைக் கேட்டால், இந்தக் கடிதத்தின் பலமே அந்தக் கடைசி வரிதான். உடல்நிலை, குடும்பச் சூழல், பயிற்சியாளரின் அன்பு ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் பெறுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்புங்கள். பயிற்சியாளருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதை முன்னறிவிப்பாக ஏற்கமாட்டார்கள். 30 நாள் எண்ணிக்கையும் தொடங்காது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. அதற்கும் அசையாவிட்டால், எனக்கு மிகவும் பிடித்த சட்ட வாசகம் ஒன்று இருக்கிறது: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். புனேவுக்குப் போனவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை; சென்னை ஜிம்தான் புனேவுக்குப் பதில் சொல்ல வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகார்க் கட்டணமும் கிடையாது.

இடமாற்றப் பிரிவே இல்லாத ஒப்பந்தம் என்றால் பாதை வேறு: "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று வாதிட வேண்டும், அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இடமாற்றத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்த வாசகத்தை அப்படியே கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.