இருபதேகால் இலட்சமா, பன்னிரண்டு இலட்சமா? சிகிச்சை நிதி வேண்டுகோளைத் தமிழாக்கும்போது

[காட்சி: மேசை மீது மூன்று தாள்கள். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம், மருத்துவரின் கடிதம், ஆங்கிலத்தில் எழுதிய நிதி வேண்டுகோள். பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

குரல்: வணக்கம். ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்குப் பணம் திரட்டும் வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழாக்கத்துக்காக நம் கைக்கு வந்திருக்கிறது. நான் செய்த இத்தகைய வேலைகளைக் கொண்டு, பெயரும் ஊரும் இல்லாமல் இந்தக் காணொளிக்கென அமைத்த மாதிரி இது. வேண்டுகோளை மட்டும் வைத்துக்கொண்டு தமிழாக்கத்தைத் தொடங்க வேண்டாம். மதிப்பீட்டுக் கடிதமும் மருத்துவரின் கடிதமும் வரும் வரை நான் முதல் வரியைக்கூட எழுதுவதில்லை. ஏன் என்பது முதல் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

[காட்சி: வேண்டுகோளில் "ரூ. 20.25 இலட்சம் தேவை" என்ற வரி. பக்கத்தில் மதிப்பீட்டுக் கடிதம்: ரூ. 18,50,000.]

குரல்: வேண்டுகோள் இருபதேகால் இலட்சம் என்கிறது, மருத்துவமனையின் கடிதம் பதினெட்டரை இலட்சம் என்கிறது. இடைவெளி ஒன்றேமுக்கால் இலட்சம். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கடிதங்களில் தேடினால் கிடைக்காது. குழந்தையின் தந்தை அனுப்பிய குரல் பதிவில்தான் கிடைக்கிறது. "ஆஸ்பத்திரிக்கு இதுவரைக்கும் ஒண்ணேமுக்கா செலவாயிடுச்சு சார்" என்கிறார் அவர். ஆங்கிலத்தில் எழுதியவர், ஏற்கெனவே செலவாகிவிட்ட பணத்தையும் இனிமேல் ஆகப்போகும் செலவோடு கூட்டி, மொத்தத்தையும் தேவை என்று போட்டுவிட்டார். இதில் ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குடும்பத்தின் சுமை முழுவதையும் ஒரே எண்ணில் சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் பணம் கொடுப்பவர் அந்த எண்ணை அறுவை சிகிச்சையின் விலை என்றுதான் படிப்பார். மதிப்பீட்டுக் கடிதத்தின் படமும் அதே பக்கத்தில் இருக்கும் என்பதால், இரண்டும் ஒத்துப்போகாததைப் பார்க்கும் முதல் ஆளே ஐயப்படுவார்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் இரண்டு தவறுகளைச் செய்யக்கூடும். இருபதேகால் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது ஒன்று. தானே பதினெட்டரை என்று திருத்திவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தால், ஆங்கிலப் பக்கம் ஓர் எண்ணும் தமிழ்ப் பக்கம் வேறோர் எண்ணும் சொல்லும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அந்த முரணைப் படமெடுத்துப் பரப்பிவிடுவார். ஆகவே முதலில் மூலத்தைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகே தமிழாக்குங்கள்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு.]

குரல்: இப்போது கணக்கை நேராக்குவோம். மதிப்பீடு 18,50,000 ரூபாய். ஓர் அறக்கட்டளை 5,00,000 ரூபாய் ஒப்புதல் அளித்துள்ளது. உறவினர் வழியாக 1,50,000 ரூபாய் வந்திருக்கிறது. இவ்விரண்டையும் கழித்தால் இன்னும் திரட்ட வேண்டியது 12,00,000 ரூபாய். ஒன்றேமுக்கால் இலட்சம் இந்தக் கணக்குக்குள் வராது. அதைத் தனி வாக்கியமாக, "இதற்கு முந்தைய சிகிச்சைக்கும் பரிசோதனைகளுக்கும் குடும்பம் 1,75,000 ரூபாய் செலவிட்டிருக்கிறது" என்று எழுதினால் போதும்.

"இன்னும் 12 இலட்சம்" என்ற தொடரில் "இன்னும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேண்டுகோள் வெளியான மறுநாளே 2 இலட்சம் வந்துவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். ஆகவே எண்ணோடு தேதியையும் எழுதுங்கள்: "மார்ச் 12 நிலவரப்படி திரட்ட வேண்டிய தொகை 12,00,000 ரூபாய்."

காற்புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பக்கத்தில் 1,850,000 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்திருந்தால், அவசரத்தில் அதை 1,85,000 என்று எழுதிவிடுவது மிக எளிது. ஒரு சுழி குறைந்தாலும் யார் கண்ணிலும் உடனே படாது, ஏனென்றால் 1,85,000 என்பதும் பார்ப்பதற்கு நியாயமான தொகையாகவே இருக்கிறது. அதனால் நான் ஒவ்வொரு தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறேன்: 18,50,000 ரூபாய், அதாவது பதினெட்டரை இலட்சம். இலங்கையிலிருந்தும் வாசகர்கள் வருவார்கள் என்றால் "இந்திய ரூபாய்" என்று ஒரு முறையாவது சொல்லுங்கள். அங்கேயும் ரூபாய்தான் புழங்குகிறது, மதிப்புதான் வேறு.

[காட்சி: மதிப்பீட்டுக் கடிதத்தின் அடிப்பகுதி, சிறிய எழுத்து.]

குரல்: மதிப்பீடு என்பது இறுதிக் கட்டணச் சீட்டு ஆகாது. இந்தக் கடிதத்தின் அடியில், குழந்தைக்கு 21 நாட்களும், கல்லீரலின் ஒரு பகுதியைத் தரும் தாய்க்கு 7 நாட்களும் மருத்துவமனையில் தங்குவதற்கான தொகையே இது என்றும், அதற்கு மேல் தங்க நேர்ந்தால் கட்டணம் தனி என்றும் இருக்கிறது. வீடு திரும்பிய பின் வாங்க வேண்டிய மருந்துகளும் இதில் சேரவில்லை. புதிய கல்லீரலை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க அந்த மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதால் அது சிறிய விடயமன்று. எண்ணைத் திருத்திய பிறகும் ஆங்கில வேண்டுகோள் இதையெல்லாம் விட்டுவிட்டு "செலவு 18.5 இலட்சம்" என்று முடித்திருந்தது. "செலவாகும்" என்று எழுதினால் உறுதி. "செலவாகலாம்" என்று எழுதினால் மருத்துவமனைக்கே தெரியாதது போன்ற தயக்கம். நான் எழுதியது இது: "மருத்துவமனையின் மதிப்பீடு 18,50,000 ரூபாய். குழந்தை 21 நாட்களுக்கு மேல் தங்க நேர்ந்தால் தொகை கூடும். வீடு திரும்பிய பிறகான மருந்துச் செலவு இதில் அடங்காது."

[காட்சி: மருத்துவரின் கடிதம், மார்ச் 3 தேதியிட்டது.]

குரல்: அடுத்தது அவசரம். வேண்டுகோளின் தலைப்பு, குழந்தை உயிரோடிருக்க இன்னும் நான்கு வாரங்களே உள்ளன என்கிறது. மருத்துவரின் கடிதத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. மாற்று அறுவை சிகிச்சையை நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் செய்வது நல்லது என்றும், தாமதமானால் நோய்த்தொற்றும் இரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்து கூடும் என்றும்தான் அவர் எழுதியிருக்கிறார். சிகிச்சைக்கு அவர் தந்த காலத்தை, எழுதியவர் உயிருக்கான கெடுவாக மாற்றிவிட்டார். ஐந்தாவது வாரத்திலும் குழந்தை உயிரோடு இருக்கும்போது, பணம் கொடுத்தவர்களில் சிலர் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். அந்தப் பழி எழுதியவரை விட்டுவிட்டுத் தந்தை மேல் விழும்.

மார்ச் 3லிருந்து ஆறு வாரம் என்றால் ஏப்ரல் 14. தமிழில் "ஆறு வாரத்தில்" என்று எழுதினால், அதற்குள்ளா, அது கழிந்த பிறகா என்ற குழப்பம் வரும். "ஏப்ரல் 14க்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது என்று மருத்துவர் மார்ச் 3 அன்று எழுதியுள்ளார்" என்பதில் குழப்பமும் இல்லை, மிகையும் இல்லை. படிப்பவருக்கு நாள் நெருங்குவதும் தெரிகிறது. தேதியின் அருமையை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை "அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை" என்று எழுதிவிட்டேன். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஆறு வாரம் சுற்றியது. நோயாளி வீடு திரும்பிய பிறகும் ஒவ்வொரு வாரமும் யாராவது அழைத்து, வியாழக்கிழமைக்குள் பணம் சேர்ந்துவிடுமா என்று அவர் மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

[காட்சி: மருத்துவக் கடிதத்தில் மூன்று சொற்கள் வட்டமிடப்பட்டுள்ளன.]

குரல்: இனி மூன்று மருத்துவச் சொற்கள். இந்தக் குழந்தைக்குப் பித்தநாளங்கள் அடைபட்டு, பித்தம் கல்லீரலிலேயே தேங்கும் நோய். இதற்குச் செய்யும் முதல் அறுவை சிகிச்சைக்கு, அதை உருவாக்கிய ஜப்பானிய மருத்துவர் மோரியோ காசாயின் பெயரே வழங்குகிறது. குழந்தை பிறந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் செய்தால் பலன் கூடுதலாக இருக்கும். கடிதத்தில் "ஃபெயில்டு காசாய்" என்று இருக்கிறது. அதைத் "தோல்வியுற்ற அறுவை சிகிச்சை" என்று எழுதினால், முதலில் அறுத்த மருத்துவர் தவறிழைத்தார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தச் சொல் குறிப்பது, அறுவைக்குப் பிறகும் பித்தம் போதிய அளவு குடலுக்கு இறங்கவில்லை என்பதை மட்டுமே. அப்படியே எழுதுங்கள்.

"எண்ட் ஸ்டேஜ்" என்பதை "இறுதிக் கட்டம்" என்று போட்டால் நம் வீடுகளில் அதற்குப் பொருள் வேறு. இனி மருத்துவமனையில் வைத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டதாகவே கேட்கும். கெட்டுப்போனது கல்லீரல், அதை மாற்றினால் குழந்தைக்கு வாழ்வு உண்டு என்பதால்தான் இந்த வேண்டுகோளே எழுதப்படுகிறது. "கல்லீரல் இனிமேல் தேறாத அளவுக்குக் கெட்டுவிட்டது, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி" என்பது சரியான கனத்தில் இருக்கும்.

மூன்றாவது "எலெக்டிவ்". அகராதியைப் பார்த்து "விருப்ப அறுவை சிகிச்சை" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றும் ஒன்றுக்கு யார் பணம் தருவார்கள்? நள்ளிரவில் ஓடிச் செய்யாமல், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவை என்பதே அதன் பொருள். உயிர்காக்கும் அறுவையும் நாள் குறித்துச் செய்யப்படுவதுண்டு.

[காட்சி: முடிந்த தமிழ் வரைவு. கைபேசி ஒலிபெருக்கியில்.]

குரல்: வரைவு முடிந்ததும் தந்தையை அழைத்து முழுவதையும் வாசித்துக்காட்டுகிறேன், எண் வரும் இடங்களில் இலக்கம் இலக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு ஆங்கிலப் பக்கத்தை யாரும் இதுவரை வாசித்துக் காட்டியதில்லை. "உறவினர்கள் 1,50,000 ரூபாய் உதவியுள்ளார்கள்" என்ற வரியில் அவர் என்னை நிறுத்தினார்.

"அது உதவியில்லை சார். மச்சான் வட்டிக்கு வாங்கிக் குடுத்தது. திருப்பித் தரணும்."

[காட்சி: வரைவில் "உதவியுள்ளார்கள்" அடிக்கப்பட்டு, "உறவினர் வழியாக 1,50,000 ரூபாய் வட்டிக்குக் கடனாகப் பெறப்பட்டுள்ளது" என்று எழுதப்படுகிறது.]