கிழிஞ்சு போன மூலையில யாரு நின்னாங்க?

வணக்கம்ங்க. பழைய போட்டோவுல மூலையே இல்லாமப் போனா அதை எதுவரைக்கும் நிரப்பலாம்ங்கிறதப் பத்தி பேசப்போறேன். நம்ம இலங்கை மலையகத் தோட்டத்து லயத்து வீடுகள்ல ஈரம் ஏறி, கண்ணாடியோட ஒட்டி, பிரிக்கிறப்ப கிழிஞ்ச படம் நிறைய இருக்கு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொறவு பாதிக் குடும்பம் இந்தியா போயிருச்சு, அதனால இங்க இருக்கவங்களுக்கு எல்லாரும் சேர்ந்து நின்ன படம் அந்த ஒன்னுதான்.

அப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம், லயத்து வாசல்ல குடும்பமா நிக்கிறாங்க, மேல இடப்பக்க மூலையும் கீழ வலப்பக்க மூலையும் இல்ல. மொதல்ல 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி அந்தப் பைலைத் தொடாம வச்சிட்டு, ரிப்பேர் எல்லாத்தையும் தனி லேயர்லதான் செய்யணும்.

மேல் மூலையில போனது வானமும் தகரக் கூரையோட நுனியும். கிழிஞ்ச ஓரத்துல வெள்ளையா பேப்பர் நார் தெரியுமே, அதையும் சேர்த்து செலக்ட் பண்ணணும், இல்லாட்டி நிரப்பின பொறவும் கோடு மாதிரி நிக்கும். வானம் ஒரே கலர்னு நெனைக்காதீங்க, பழைய படத்துல ஓரத்துக்குப் போகப் போக டோன் மாறும், அதனால ஒரே இடத்துல இருந்து குளோன் பண்ணாம பக்கத்துல நாலஞ்சு இடத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். கூரை விளிம்பு மீதிப் படத்துல நேரா ஓடுது, அதே கோட்டை நீட்டிட்டேன், அவ்வளவுதான். கடைசியா பழைய படத்துல இருக்க பொடிப் புள்ளி மாதிரி கிரெயின் சேர்க்கணும், சேர்க்காட்டி அந்த இடம் மட்டும் வழுவழுன்னு காட்டிக் கொடுத்துரும். கான்ட்ராஸ்டை நல்லா ஏத்திப் பார்த்தீங்கன்னா திட்டு இருந்தா பளிச்சுன்னு தெரியும்.

கீழ் மூலையிலதான் சிக்கல். அங்க ஒரு ஆள் நின்னுருக்காரு, பிள்ளையோட தோள்ல வச்ச கை மட்டும் மிச்சம். வீட்டுக்காரங்க "அது எங்க தாத்தாதாங்க, வேற போட்டோவுல இருந்து மூஞ்சிய எடுத்து வச்சுருங்க"ன்னு கேட்டாங்க. கேக்கிறப்ப மனசு கரையும்ங்க, ஆனா நான் செய்யல. கூரைக்கு படத்துலயே சாட்சி இருந்துச்சு, அந்த முகத்துக்கு இல்ல. இன்னொரு படத்துல அவருக்கு வேற வயசு, வெயில் வேற பக்கம், அதோட பேரப்பிள்ளைங்க காலத்துல இது ஒட்டினதுன்னு சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, அந்த நாள்ல அவரு அப்படித்தான் நின்னாருன்னு நம்பிருவாங்க.

அதனால மண் தரை இருந்த வரைக்கும் நிரப்பி, ஆள் நின்ன இடத்தைப் படத்தோட நடு சாம்பல் டோன்ல வெறுமையா விட்டேன், கறுப்பா விட்டா கண்ணு அங்கேயே போய் நிக்கும். கையைத் தொடவே இல்ல. தாத்தாவோட அந்த இன்னொரு படத்தைத் தனியா பிரிண்ட் போட்டுப் பக்கத்துல வச்சுக் குடுத்தேன்.

எது புதுசுன்னு எழுதியும் வைக்கணும். இப்ப வர்ற போட்டோ பேப்பர் பின்பக்கத்துல பென்சில் சரியா பிடிக்காது, அதனால படத்துக்குக் கீழ வெள்ளை ஓரம் விட்டு, "மேல் இடது மூலை பிறகு நிரப்பியது, கீழ் வலது மூலையில் தரை மட்டும்"னு சின்ன எழுத்துல பிரிண்டோடவே அடிச்சிருங்க, தொடாத ஸ்கேனையும் கூடவே குடுத்துருங்க.