இருள்வாயனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வௌவால் வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கதைக்காக ஒரு விலங்கைப் படைக்கும்போது பலரும் பல்லிலும் நகத்திலும் தொடங்குகிறார்கள். நான் வயிற்றில் தொடங்குவேன். அது ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று தெரிந்துவிட்டால், எங்கே வாழும், எதற்கு அஞ்சும் என்பதெல்லாம் தாமாகவே பின்தொடர்ந்து வந்துவிடும். இன்று ஒரு விலங்கை அப்படி உருவாக்கிப் பார்ப்போம். பெயர் இருள்வாயன். வௌவால்களைத் தின்று குகைக்குள்ளேயே வாழும் 81 கிலோ எடையுள்ள வேட்டை விலங்கு; புலியைப்போல் சூடான இரத்தம் கொண்டது. முதல் வரைவு இவ்வளவுதான்.

இதற்கு எவ்வளவு தீனி வேண்டும்? 1932-இல் மேக்ஸ் கிளைபர் என்ற அறிவியலாளர் ஓர் உறவைக் கண்டறிந்தார். விலங்கின் எடை பெருகும் அளவுக்கு அதன் ஆற்றல் தேவை பெருகுவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகுகிறது. கணக்கு எளியது. எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி, வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் காணுங்கள். 81-க்கு 27 கிடைக்கும். அதை 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்குச் சுமார் 1,900 கிலோகலோரி தேவை என்று தெரிகிறது. நடந்து, ஏறி, வேட்டையாடவும் சேர்த்தால் அதைப்போல் இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் இரையிலிருந்து ஒன்றரை கிலோகலோரி கிடைத்தால், நாளுக்கு மூன்று கிலோ இறைச்சி வேண்டும். பூச்சி தின்னும் சிறு வௌவால் ஒன்றின் எடை பத்துக் கிராம் என்றால், முந்நூறு வௌவால்கள்.

குகையில் ஒரு லட்சம் வௌவால்கள் இருந்தாலும், ஓர் ஆண்டு முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சாது. பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனுகின்றன. ஆகவே இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. இத்தனையும் ஒரே ஓர் இருள்வாயனுக்கு. அதற்குத் துணையும் குட்டிகளும் வேண்டாமா? பல கற்பனை விலங்குகள் இந்த இடத்தில்தான் பொய்த்துப் போகின்றன. குகைக்குள் வெயில் இல்லை, செடி இல்லை. வெளியிலிருந்து வௌவாலும் வெள்ளமும் கொண்டுவருவதே அநேகமாக மொத்த உணவும்.

ஆகவே திருத்துவோம். எடையை 16 கிலோவாகக் குறைத்து, பல்லியைப்போல் குளிர் இரத்த விலங்காக மாற்றுகிறேன். அத்தகைய விலங்குக்கு அதே எடையுள்ள பாலூட்டியின் தேவையில் சுமார் பத்தில் ஒரு பங்கு போதும். இப்போது கணக்கு நாளுக்குப் பத்து வௌவாலுக்குள் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். ஒரு லட்சம் வௌவால்களில் பாதி பெண் என்றால், ஆண்டுக்கு ஐம்பதாயிரம் குட்டிகள் வரை பிறக்கும். நான்கைந்து இருள்வாயன்களை அந்தக் குகை தாங்கும்.

ஆனால் உடல் மாறியதும் வாழ்க்கையும் மாறுகிறது. குளிர் இரத்த விலங்குக்குச் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். வௌவால்கள் நெருக்கமாகத் தொங்கும் அறை அவற்றின் உடல்வெப்பத்தாலேயே சூடேறும். ஆகவே வௌவால்கள் குட்டி ஈனும் அந்த அறையின் தரையில்தான் இருள்வாயன் கிடக்கும். துரத்தாது. கூரையிலிருந்து தவறி விழும் குட்டிகளை, விழும் அதிர்வை வைத்தே கண்டுபிடித்துத் தின்னும். குட்டிகள் விழும் பருவம் சில வாரங்கள்தான் என்பதால், மற்ற மாதங்களுக்கான கொழுப்பை வாலில் சேமித்துக்கொள்ளும். இந்த அசையாமை மிகைக் கற்பனை அல்ல. ஐரோப்பியக் குகைநீரில் வாழும் ஓல்ம் என்ற குருட்டுச் சாலமாண்டர்களில் ஒன்று ஏழு ஆண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்ததை ஆய்வாளர்கள் 2020-இல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அந்தத் தரையிலும் ஆபத்துகள் உண்டு. வௌவால் எச்சத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் அம்மோனியா எழுந்து கண்ணை அரிக்கும். எனவே பாம்புக்கு இருப்பதுபோல் கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் மூடி ஒன்று தருகிறேன். எச்சக் குவியலில் மொய்க்கும் வண்டுகள், விழுந்த குட்டியை எலும்பாக்கிவிடக் கூடியவை. அங்கே முட்டையிட்டால் அதுவும் தப்பாது. ஆகவே இருள்வாயன் முட்டையிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியை ஈனட்டும்.

இனி, கதையில் ஒரு மனிதன் விளக்கோடு அந்த அறைக்குள் நுழைகிறான். முதல் வரைவில் இருள்வாயன் அவன்மீது பாய்ந்திருக்கும். இப்போது பாயாது, எழுபது கிலோ மனிதன் அதற்கு இரையே அல்ல. ஆனால் அவனுடைய வெளிச்சத்துக்கும் காலடிக்கும் தாய் வௌவால்கள் மிரண்டு பறக்கின்றன. குட்டிகள் மழைபோல் விழுகின்றன. அன்று இரவு இருள்வாயன் வயிறு புடைக்கத் தின்கிறது. இப்படி மீண்டும் மீண்டும் கலைக்கப்பட்டால், வௌவால்கள் அந்தக் குகையையே கைவிட்டுப் போய்விடும். அறை குளிரத் தொடங்கும். வாலில் உள்ள கொழுப்புத் தீரும்வரை இருள்வாயன் அங்கேயே காத்துக் கிடக்கும்.