24-ஆம் தேதி பார்த்த ஓ.டி. எங்கே போனது?

[திரையில்: மார்ச் மாத நாட்காட்டி. 25-ஆம் தேதிக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு.]

வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 75. ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பதால் மணிக்கு 150.

அந்தக் கம்பெனியில் கட்-ஆஃப் 25-ஆம் தேதி. அதாவது பிப்ரவரி 26 முதல் மார்ச் 25 வரை பார்த்த வேலைக்கு மார்ச் 31 அன்று சம்பளம். நடுவில் இருக்கும் ஆறு நாள், வருகைப் பதிவேடான மஸ்டரைச் சரிபார்க்க, கணக்குப் போட, பேங்க்குக்கு அனுப்ப.

மார்ச் 24, செவ்வாய். அவசர ஆர்டர். அக்கா 3 மணி நேரம் ஓ.டி. பார்க்கிறார். சூப்பர்வைசர் ஓ.டி. சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கு அனுப்புவது 27-ஆம் தேதி. அதற்குள் மார்ச் கணக்கை மூடிவிட்டார்கள். "பரவாயில்லை, அடுத்த மாசம் சேர்த்துக்கலாம்" என்கிறார்கள்.

அடுத்த மாதம் என்ன நடக்கிறது?

[திரையில்: மார்ச் 26 – ஏப்ரல் 25 என்ற பெட்டி. அதற்கு வெளியே, இடது பக்கத்தில், "மார்ச் 24, 3 மணி".]

ஏப்ரல் கணக்கு மார்ச் 26-லிருந்து ஏப்ரல் 25 வரை உள்ள தேதிகளை மட்டும் எடுக்கிறது. 24-ஆம் தேதி அதில் இல்லை. மார்ச் கணக்கிலும் இல்லை. 450 ரூபாய் இரண்டு பெட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் தப்பாகக் கூட்டவும் இல்லை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அக்கா சீட்டின் நகலை வைத்துக்கொண்டு கேட்டால்தான் உண்டு.

சில இடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி செய்வார்கள். சீட்டில் இருக்கும் 24-ஐ 27 என்று மாற்றி ஏற்றிவிடுவது. பணம் வந்துவிடும். ஆனால் அக்கா 27-ஆம் தேதி லீவில் இருந்திருந்தால்? பயோமெட்ரிக்கில் ஆள் இல்லை, ஓ.டி.யில் மட்டும் ஆள் இருக்கிறார். ஆய்வுக்கு வருபவர் முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட வரியில்தான்.

சரி, எப்படித் தீர்ப்பது? ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தனித்தனி விவரம் வேண்டும். வேலை பார்த்த தேதி ஒன்று. எந்த மாதச் சம்பளத்தில் கொடுத்தோம் என்பது இன்னொன்று. முதலாவது ஒருநாளும் மாறாது. இரண்டாவது, பணம் கொடுக்கும்வரை காலியாக இருக்கும்.

[திரையில்: எக்செல் தாள். A வேலைத் தேதி, B டோக்கன் எண், C மணி, D ரேட், E தொகை, F கொடுத்த மாதம்.]

இப்போது கேள்வியை மாற்றிக் கேட்கிறோம். "இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்காமல், "கட்-ஆஃப் தேதிவரை பார்த்த வேலையில் இன்னும் கொடுக்காதது எவ்வளவு?" என்று கேட்கிறோம். H1-இல் கட்-ஆஃப் தேதி, H2-இல் டோக்கன் எண்.

```
=SUMIFS(E:E,A:A,"<="&H1,B:B,H2,F:F,"")
```

தொடக்கத் தேதி என்று ஒன்றே இதில் இல்லை, கவனித்தீர்களா? மார்ச் 24 வரி, F காலியாக இருப்பதால், ஏப்ரலில் தானாக உள்ளே வந்துவிடும். சம்பளம் போன பிறகு, அந்த வரிகளில் எல்லாம் F-இல் "ஏப்ரல்" என்று நிரப்புங்கள். இந்த ஒரு வேலையை மறந்தால் மே மாதம் அதே பணம் மறுபடி போகும்.

D-இல் ரேட்டை வரிவரியாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அக்காவின் சம்பளம் 16,900 ஆகிறது என்றால், ஓ.டி. ரேட் 162 ரூபாய் 50 காசு. ஆனால் மார்ச் 24 வேலைக்குப் பழைய 150 தான். கொடுக்கும் மாதத்து ரேட்டைப் போட்டால் 450-க்குப் பதில் 487.50 போகும்.

அப்புறம், கொடுத்து முடித்த வரியைத் திருத்தாதீர்கள். 3 மணிக்குப் பதில் 5 என்று ஏறிப் பணமும் போய்விட்டதா? அதே தேதி, அதே ரேட்டில் மைனஸ் 2 மணி என்று ஒரு புது வரி. F காலி. அடுத்த மாதம் தானே கழிந்துவிடும். அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

[திரையில்: மார்ச் 22 – 28 வாரம். புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் சிவப்புக் கோடு.]

இன்னொரு சிக்கல், வாரத்தை கட்-ஆஃப் நடுவில் வெட்டுவது. 2025 நவம்பரில் நீக்கப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் 1948-இல் இருந்த கணக்கையே இந்தக் கம்பெனி வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 9 மணி நேரத்தைத் தாண்டினாலோ, வாரத்துக்கு 48-ஐத் தாண்டினாலோ இரட்டிப்புச் சம்பளம். வாரம் ஞாயிறு தொடங்கி சனி வரை.

ஒரு தம்பி திங்கள் முதல் சனி வரை தினமும் 9 மணி நேரம் பார்த்தார். எந்த நாளும் 9-ஐத் தாண்டவில்லை. ஆனால் வாரத்துக்கு 54. ஓ.டி. 6 மணி.

கணக்கு என்ன செய்யும்? புதன்வரை 27 மணி மார்ச்சில், மீதி 27 ஏப்ரலில். இரண்டுமே 48-க்குள். ஓ.டி. பூஜ்யம்! நாள் சம்பளம் 600 மட்டும் போகும். அவருக்கும் அதே மணிக்கு 150 என்றால், 900 ரூபாய் காணாமல் போகிறது.

இதற்கு வாரக் கணக்கை முழு வாரத்துக்கும் போட வேண்டும், சம்பள மாதத்தைப் பார்க்கவே கூடாது. பிறகு எந்த மாதத்தில் சேர்ப்பது? எண்ணிப் பாருங்கள். வெள்ளி மாலை 45 மணி. சனிக்கிழமைதான் 48-ஐத் தாண்டுகிறார். அந்த 6 மணி ஓ.டி. முழுவதும் மார்ச் 28 அன்று பிறந்தது. A-இல் அந்தத் தேதியைப் போட்டால் ஏப்ரல் கணக்கில் இயல்பாக உட்கார்ந்துவிடும்.

[திரையில்: 25 இரவு 10 மணி → 26 காலை 6 மணி.]

நைட் ஷிப்ட்டையும் சொல்லிவிடுகிறேன். 25 இரவு உள்ளே போனவர் 26 காலை வெளியே வருகிறார். இன்-பஞ்ச் ஒரு மாதத்தில், அவுட்-பஞ்ச் அடுத்த மாதத்தில். சாஃப்ட்வேர் நள்ளிரவில் வெட்டினால் இரண்டு பக்கமும் "மிஸ் பஞ்ச்" என்று காட்டும். கட்-ஆஃப் நாளிலும் மறுநாளிலும் நைட் ஆட்களுக்கு மட்டும் மிஸ் பஞ்ச் குவிந்தால் இதுதான் காரணம். நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் முந்தைய நாளைச் சேர்ந்தது என்று அந்தப் பழைய சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொன்னது; அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பின் 28-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஷிப்ட் தொடங்கிய தேதிக்கே முழு 8 மணியும் ஏறும்படி சாஃப்ட்வேரில் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, நடுவில் வேலையை விட்டுப் போகிறவர். அக்கா ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்து நின்றுவிடுகிறார். "25 வரட்டும், எல்லோரோடும் சேர்த்துப் போடலாம்" என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி இரண்டு வேலை நாளுக்குள் செட்டில் செய்ய வேண்டும். சனியும் திங்களும் வேலை நாள் என்றால் திங்கள், 13-ஆம் தேதிக்குள்.

மார்ச் 26 முதல் ஏப்ரல் 10 வரையிலான நாள் சம்பளத்தை மஸ்டரைப் பார்த்து எண்ணுங்கள். ஓ.டி.க்கு அதே தாளில் H1-இல் 25-க்குப் பதில் ஏப்ரல் 10 என்று போடுங்கள். அந்த மார்ச் 24 ஓ.டி. 450 ரூபாயும் சேர்ந்து வரும். பணம் கொடுத்ததும் F-இல் "செட்டில்மென்ட்" என்று நிரப்பிவிட்டால், 25-ஆம் தேதி எல்லோருக்கும் கணக்குப் போடும்போது அவருடைய டோக்கனுக்கு நேரே பூஜ்யம் காட்டும்.